டிரம்முக்குள் ஒரு ஸ்லைடு

பள்ளிச் சட்டையின் முதுகில் பழுப்புக் கோடு ஒன்று. இரண்டு அங்குல நீளம், பென்சிலால் இழுத்தது போல மெலிசு. முதலில் டீ கறை என்று நினைத்தேன். மறுநாள் தலையணை உறையில் அதே நீளத்தில் அதே கோடு. மூன்றாவது நாள் வெள்ளை வேட்டியில். டீ இப்படி ஒரே அளவில் சிந்தாது.

வாஷிங் மெஷினின் கதவைத் திறந்து, செல்போன் விளக்கை உள்ளே பிடித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பளபளக்கும் எவர்சில்வர் டிரம்மில் நான்கு இடங்களில் துருப்பொட்டு. மூன்று பொட்டுகள் மிளகளவு. நான்காவது, துணியைப் புரட்டிப்போடும் பிளாஸ்டிக் துடுப்பின் ஓரத்தில், நீளவாக்கில் ஒரு கோடு. முதலில் வந்து பார்த்த மெக்கானிக் தலையை உள்ளே விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, "டிரம் துருப்பிடிச்சிருச்சுக்கா, மாத்தணும்" என்றார். டிரம்மை மாற்றும் செலவுக்குப் பழைய மெஷின் ஒன்றே வாங்கிவிடலாம். இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் பொட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது வேறு: "டிரம் துருப்பிடிக்கலக்கா. டிரம்ல துரு ஒட்டியிருக்கு. எங்கயோ ஸ்லைடு கிடக்கு, அதைப் பார்ப்போம்."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரை.

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காத உலோகம் என்று நினைத்துக்கொள்கிறோம். அதுவும் பெரும்பகுதி இரும்புதான். கூடவே குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் கலந்திருக்கும். வாஷிங் மெஷின் டிரம்களில் சாதாரணமாக 16 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உலோகத்தின் மேல் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத, சில நானோமீட்டர் கனமே உள்ள படலம். கீறினாலும் காற்றும் ஈரமும் பட்டால் தானே மறுபடி வளர்ந்துவிடும். டிரம்மைக் காப்பது அதுதான்.

தலையில் குத்தும் கறுப்பு ஸ்லைடுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது வெறும் இரும்புக் கம்பி, மேலே கறுப்புப் பூச்சு. முனையிலுள்ள பிளாஸ்டிக் பொட்டு உதிர்ந்து, வளைவில் பூச்சு தேய்ந்ததும் உள்ளிருக்கும் இரும்பு வெளியே தெரியும். ஊக்கும் ஜாக்கெட் கொக்கியும் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. முலாம் போனால் அவையும் இதே கதைதான்.

துரு எப்போது உண்டாகிறது என்பதில் நான் தவறாக நினைத்திருந்தேன். துணி சுழலும்போது அல்ல. சோப்புத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. காரத்தில் இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். கடைசி அலசலுக்குப் பிறகு சோப்பு போய்விடுகிறது, வெறும் தண்ணீர் மெல்லிய ஏடாக டிரம்மில் ஒட்டி நிற்கிறது, கதவை மூடிவிடுகிறோம். இனி ஒரு ராத்திரி, சில வீடுகளில் இரண்டு நாள், ஸ்லைடு ஈரத்திலும் காற்றிலும் அசையாமல் படுத்துக்கிடக்கிறது. துருவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அதோடு இரும்பும் எவர்சில்வரும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் சின்ன மின்கலம் போல வேலை செய்யும். அதில் கரைவது எப்போதும் இரும்புதான். பெரிய டிரம்மின் நடுவே சின்ன ஸ்லைடு என்பதால் அது இன்னும் வேகமாகக் கரையும். மறுநாள் துணி போட்டுச் சுழற்றும்போது ஸ்லைடு நகர்ந்துவிடும். அது படுத்திருந்த இடத்தில் அதன் அச்சு மட்டும் மிஞ்சும். நாம் பார்க்கும் பொட்டு அதுதான்.

அப்படியென்றால் துடைத்தால் போதுமே என்று தோன்றும். முதல் சில வாரங்களில் அப்படித்தான். ஆனால் துருவை அப்படியே விட்டால் இரண்டாவது கட்டம் ஒன்று உண்டு. ஒட்டிய துருவுக்கு அடியில் காற்று போகாது. காற்று போகாத இடத்தில் எவர்சில்வரின் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. தண்ணீரிலுள்ள உப்பு, குறிப்பாகக் குளோரைடு, அந்த இடுக்கில் சேர்ந்துகொண்டே போகும். படலம் அங்கே உடைந்தால் டிரம்மின் சொந்த உலோகமே ஊசிக்குத்து போலக் குழிவிழத் தொடங்கும். இப்போதுதான் டிரம் உண்மையிலேயே துருப்பிடிக்கிறது. கடலோரப் பகுதியில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில் இந்த இரண்டாம் கட்டம் சீக்கிரம் வரும். துணி வெளுக்க ஊற்றும் பிளீச்சும் குளோரின் சார்ந்ததுதான். அதுவும் இதற்குத் துணைபோகும்.

பொட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நகம் போதும். பொட்டின் குறுக்கே நகத்தை இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் அல்லது மேடு தட்டினால், ஒட்டிய துரு. நகம் சிக்கினால், குழி. எங்கள் வீட்டு நான்கு பொட்டில் மூன்றில் வழுக்கியது. துடுப்போரத்துக் கோட்டில் ஓரிடத்தில் லேசாகச் சிக்கியது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். துளைத்துளையாக இல்லாமல் டிரம் முழுக்க மஞ்சளோடிக் கிடந்தால் அது ஸ்லைடின் வேலை இல்லை; தண்ணீரிலேயே இரும்பு கலந்திருக்கிறது. பக்கெட்டில் பிடித்துவைத்த போர் தண்ணீர் மறுநாள் அடியில் செம்மண் போலப் படிந்தால் அதற்கு வேறு சாட்சி வேண்டாம். அங்கே டிரம்மை எத்தனை தேய்த்தாலும் பயனில்லை, தண்ணீரைத்தான் வடிகட்ட வேண்டும்.

பலரும் செய்யும் தவறு, பொட்டைத் தேய்த்துவிட்டு ஸ்லைடைத் தேடாமல் விடுவது. பத்து நாளில் பொட்டு திரும்ப வரும். பிறகு கம்பெனியைத் திட்டுவோம். முதலில் பொருளை எடுக்க வேண்டும். கறை அடுத்த வேலை.

எங்களுடையது முன்பக்கக் கதவு மெஷின். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த மெக்கானிக் டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'கிர்ர்' என்று உரசினால் ஸ்லைடு டிரம்மின் துளையில் மாட்டிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. நேரம் காலம் இல்லாமல் கீழே 'டிங்' என்று சத்தம் வந்தால் அது டிரம்மைத் தாண்டி, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எங்கள் மெஷினில் கேட்டது 'டிங்'.

இப்படி விழுவதற்கு வழி துளைகள் மட்டுமில்லை. கதவோர ரப்பர் வளையத்துக்கும் டிரம்மின் வாய்க்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. பெரும்பாலானவை அந்த வழியாகத்தான் போகின்றன. ரப்பர் வளையத்தின் கீழ்ப்புற மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால், போகத் தயாராக நிற்கும் சில உருப்படிகள் கிடைக்கும். எங்களுக்கு அங்கே ஒரு ஊக்கும் ஒரு ரூபாய்க் காசும் கிடைத்தன. ஊக்கு திறந்திருந்தது. ஆகவே கையை வீசி உள்ளே விடாமல், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விடுவது நல்லது.

அடுத்து, கீழே வலது மூலையில் சின்ன மூடிக்குள் இருக்கும் பம்ப் ஃபில்டர். பல மெஷின்களில் அதன் பக்கத்திலேயே ஒரு சிறு குழாய் இருக்கும். அதை இழுத்து, தட்டையான பாத்திரத்தில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வெந்நீரில் துவைத்த உடனே இதைச் செய்யக் கூடாது. பிறகு ஃபில்டரை இடப்பக்கமாக மெதுவாகத் திருகி எடுக்கலாம். எங்கள் ஃபில்டரில் இரண்டு ஸ்லைடு, ஒரு ஜாக்கெட் கொக்கி, தலைமுடிப் பந்து ஒன்று. ஸ்லைடுகளில் ஒன்று முழுக்கச் செம்பழுப்பாகி, அழுத்தியதும் இரண்டாக ஒடிந்தது. 'டிங்' சத்தமும் அதோடு நின்றது. நின்றிராவிட்டால் அடுத்த வழி, மெஷினைப் பிரித்துத் தொட்டியின் அடிக்குழாயைக் கழற்றுவது, அல்லது ஹீட்டரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக எடுப்பது. அது மெக்கானிக் வேலை. ஆனால் தள்ளிப்போடக் கூடாத வேலை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் டிரம்முக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்கும் நடுவே ஒரு ஸ்லைடு குறுக்காகச் சிக்கினால் தொட்டி ஓட்டையாகலாம். அதோடு ஒப்பிட்டால் சட்டைக் கறையெல்லாம் சில்லறை.

மேல்மூடி மெஷின் உள்ளவர்களுக்கு ஒளிவிடம் வேறு. டிரம்மின் அடியில் சுழலும் பிளாஸ்டிக் தட்டுக்குக் கீழேதான் எல்லாம் போய்ச் சேரும். நடுவில் ஒரு மூடி, அதற்குக் கீழே ஒரு திருகு. கழற்றித் தட்டைத் தூக்கினால் அடியில் குடும்பத்தின் சில வருட வரலாறு கிடக்கும். அந்தத் திருகே துருப்பிடித்துக் கறை விடுவதும் உண்டு.

காந்தத்தை நூலில் கட்டி உள்ளே இறக்கலாமே என்று நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தன் காந்தத்தை டிரம்மில் வைத்தார். 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. நிக்கல் கலக்காத எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டும். பல டிரம்கள் அந்த வகைதான். போலி என்று அர்த்தமில்லை. ஆனால் அப்படிப்பட்ட டிரம்முக்குள் காந்தத்தை விட்டுத் தேடினால் காந்தம் சுவரைப் பிடித்துக்கொள்ளுமே தவிர ஸ்லைடைப் பிடிக்காது.

இனி கறை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இதற்குப் போதும். பெயரில்தான் உப்பு, சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் ஏறக்குறைய பத்து சதவீதக் கரைசல். தொழிற்சாலைகளில் எவர்சில்வர் சாமான்களின் மேல் ஒட்டிய இரும்பை நீக்கிப் படலத்தை மீட்டெடுக்கவும் சிட்ரிக் ஆசிட்டையே, ஏறக்குறைய இதே அடர்த்தியில் பயன்படுத்துகிறார்கள். துருவைக் கரைப்பதோடு நில்லாமல், கரைந்த இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வது அதன் தனிக் குணம். இரும்பு மறுபடி படியாமல் தண்ணீரோடு போய்விடும். வினிகர் இதை இத்தனை நன்றாகச் செய்யாது.

கையுறை போட்டுக்கொண்டு, டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, கரைசலில் நனைத்துப் பொட்டின் மேல் ஒட்டி வைத்தேன். டிரம்மைச் சுற்றிப் பொட்டைக் கீழே கொண்டுவந்துவிட்டால் பேப்பர் வழுகாது. இருபது நிமிடம். காயத் தொடங்கினால் சில சொட்டு விடலாம். எடுத்தபோது பேப்பர் மஞ்சளாகியிருந்தது, அதாவது வேலை நடந்திருக்கிறது. மிஞ்சியதை மெல்லிய பிளாஸ்டிக் நாரால், டிரம்மின் மினுமினுப்புக் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். பிடிவாதமான இடத்துக்குக் கொஞ்சம் ஆப்பச் சோடாவைக் குழைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆசிட்டை அலசிய பிறகு. இரண்டையும் சேர்த்தால் நுரை பொங்கும், ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும், கறை அப்படியே இருக்கும். பொங்குவதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நம்புவது இணையத்தில் பரவிய ஒரு வேடிக்கை.

மூன்று மிளகுப் பொட்டுகள் முதல் முறையிலேயே போயின. துடுப்போரக் கோட்டுக்கு மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. பிறகு துணி இல்லாமல் ஒரு முழு அலசல் ஓட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, கதவை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தேன். திறந்து வைப்பது வெறும் காற்றோட்டத்துக்கு இல்லை. படலம் மறுபடி வளர ஆக்சிஜன் வேண்டும்.

பொட்டு போய்விட்டதா, கண்ணுக்கு மட்டும் மறைந்திருக்கிறதா? நல்ல தண்ணீரில் நனைத்த வெள்ளை டிஷ்யூவை அதே இடத்தில் ராத்திரி முழுக்க ஒட்டிவைத்தால் தெரிந்துவிடும். காலையில் வெள்ளையாக இருந்தால் முடிந்தது. பழுப்புப் புள்ளி விழுந்தால் இரும்பு இன்னும் இருக்கிறது. எங்களுக்கு மூன்று வெள்ளை. நகம் சிக்கிய இடத்தில் மட்டும் ஊசிமுனையளவு பழுப்பு.

கையில் எடுக்கவே கூடாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். பல கம்பி நார்கள் சாதா இரும்பு. தேய்க்கும்போது அதன் துகள்கள் டிரம்மில் பதிந்து, நான்கு பொட்டு நாற்பதாகும். இரண்டாவது, எலுமிச்சையும் கல் உப்பும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் பாட்டி சொன்ன வைத்தியம் அது, பித்தளைக்கு நல்லது. எவர்சில்வருக்கு உப்பின் குளோரைடுதான் எதிரி. புளியானாலும் எலுமிச்சையானாலும் உப்பில்லாமல் பயன்படுத்துவதென்றால் சரி. மூன்றாவது, கக்கூஸ் கழுவும் ஆசிட். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு உடனே மறையும். கூடவே படலமும் போய், டிரம் முழுக்கக் குழி விழும். அந்த ஆசிட்டோ சிட்ரிக் ஆசிட்டோ, பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் மூச்சை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

சட்டைக்கும் அதே சிட்ரிக் கரைசல்தான். வெள்ளைப் பருத்தியில் கறையின் மேல் ஊற்றிப் பதினைந்து நிமிடம் விட்டு அலசினேன். சட்டையில் முழுதும் போனது, வேட்டியில் ஒரு நிழல் நின்றுவிட்டது. காரணம் என் அவசரம். வேட்டிக்கு முதலில் பிளீச் போட்டிருந்தேன். துருக்கறையைப் பிளீச் வெளுக்காது, இன்னும் அழுத்தி உட்காரவைக்கும். சாயத் துணிக்கு இந்தக் கரைசலை உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

திரும்ப வராமலிருக்க எங்கள் வீட்டில் மாற்றியது இரண்டே பழக்கம். மெஷின் மேல் ஒரு கிண்ணம், அதன் அடியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். ஸ்லைடு வருவது பாக்கெட்டிலிருந்து இல்லை என்பதைக் கவனித்த பிறகு இது தோன்றியது. தலை துவட்டிய துண்டிலும் தலையணை உறையிலும்தான் அவை செருகிக்கொண்டு வருகின்றன. ஆகவே அந்த இரண்டையும் மெஷினில் போடும் முன் கிண்ணத்துக்கு நேராக ஒரு முறை உதறுகிறோம். ஊக்கு குத்தும் புடவைக்கு முந்தானையும் தோள் மடிப்பும்தான் பார்க்க வேண்டிய இடம். ஜாக்கெட்டுகளைக் கொக்கி மாட்டி, உள்பக்கம் வெளியே திருப்பி, வலைப்பையில் போடுகிறோம். கொக்கி பிய்ந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். பித்தளைக் கொக்கியைக் காந்தம் பிடிக்காது, ஆனால் அது துருவும் விடாது, பம்பைத்தான் கெடுக்கும். இன்னொன்று, துவைத்து முடிந்ததும் ரப்பர் மடிப்பைத் துடைத்துவிட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வைப்பது. ஏதாவது ஒரு ஸ்லைடு தப்பி உள்ளே போனாலும், காய்ந்த டிரம்மில் கிடக்கும் ஸ்லைடு அச்சு பதிக்காது. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் திறந்த கதவு ஆபத்து. அங்கே உலரத் துடைத்துவிட்டு மூடத்தான் வேண்டும்.

துடுப்போரத்துக் குழி இன்னும் இருக்கிறது. விழுந்த குழியை எந்த ஆசிட்டும் நிரப்பாது. மாதம் ஒரு முறை அதற்கு மட்டும் சிட்ரிக் பேப்பர் ஒட்டி, துடைத்து, உலரவிடுகிறேன்; ஆறு மாதமாக அது பெரிதாகவில்லை, துணியிலும் கறை இல்லை. நகம் சிக்கும் இடத்தின் விளிம்பு கூராகித் துணி நூலை இழுக்கத் தொடங்கினால், அல்லது பொட்டு ஒன்று டிரம்மின் பற்றவைத்த இணைப்புக் கோட்டில் வந்து நீளத் தொடங்கினால், அப்போது முதல் மெக்கானிக் சொன்னது சரியாகிவிடும்.

போன வாரம் கிண்ணத்தைக் காலி செய்தேன். ஸ்லைடு ஒன்பது, ஊக்கு நான்கு, ஜியோமெட்ரி பாக்ஸ் காம்பஸின் முள் ஒன்று. அது எந்தத் துணியிலிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.